இசைக்கவையின் ஒலிப்பதிவில் மீடிறனைப் பைதனால் கண்டறிதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயர்தரப் பௌதிகவியல் ஆய்வுகூடத்தில் இசைக்கவையை அடித்து, அதைப் போனில் பதிந்து, பைதனில் மீடிறன் பார்க்கும் பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் எழுதியது. விடைகள் முழுவதற்கும் ஒரே பதிவையே எடுத்துக்காட்டாக வைத்துள்ளோம். கிளிநொச்சிப் பக்கத்துப் பாடசாலை ஆய்வுகூடம் ஒன்று, பிற்பகல், அறை வெப்பநிலை 32 பாகை செல்சியஸ், 512 என்று பொறித்த உருக்கு இசைக்கவை, சாதாரணப் போன், செக்கனுக்கு 44100 மாதிரிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போனிலேயே பதியலாமோ? எப்பிடிப் பதிஞ்சால் நல்லது?

தாராளமாகப் பதியலாம். போனின் மைக் 512 ஹேர்ட்ஸ் பகுதியில் நன்றாகவே கேட்கும். தொல்லை தருவது போனுக்குள் இருக்கும் மென்பொருள்தான். பேச்சைத் தெளிவாக்குவதற்காகப் பல போன்கள் இரைச்சலைத் தாமாகவே அடக்குகின்றன. மாறாமல் நீடிக்கும் ஒரே தொனியை அந்த மென்பொருள் மின்விசிறிச் சத்தம் என்று எண்ணி அமுக்கிவிடும். கவை கையில் இன்னும் அதிர்ந்துகொண்டிருக்க, பதிவில் ஒரு செக்கனுக்குள் சத்தம் சடாரென்று விழுந்திருந்தால் காரணம் இதுதான். பதிவுச் செயலியின் அமைப்பில் இரைச்சல் அடக்கல், தானியங்கி ஒலிமட்டம் ஆகியவற்றை நிறுத்துங்கள். நிறுத்த வழியில்லாத செயலி என்றால், WAV வடிவில் பதியும் வேறொரு செயலியை இறக்கிக்கொள்ளுங்கள்.

கவையைத் தண்டில் பிடித்து, இறப்பர்ச் செருப்பின் அடியிலோ இறப்பர் அடைப்பானிலோ தட்டுங்கள். மேசை விளிம்பில் ஓங்கி அடிக்க வேண்டாம். அடித்தால் என்ன வருகிறது என்பது கீழே வரும். தட்டியதும் ஒரு புயத்தின் தட்டையான முகம் மைக்கைப் பார்க்கும்படி 5 சென்ரிமீற்றர் தூரத்தில் பிடித்து, 8 செக்கன் வரை அசையாமல் வைத்திருங்கள். அசையாமல் என்பதை அழுத்திச் சொல்கிறோம். அதிரும் கவையைக் காதருகே வைத்துத் தண்டை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள்: சத்தம் நான்கு முறை கூடும், நான்கு முறை ஏறக்குறைய இல்லாமலே போகும். இரண்டு புயங்களும் எதிரெதிராக அசைவதால் சில திசைகளில் அவை எழுப்பும் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. பதியும்போது கை திரும்பினால் அந்த ஏற்ற இறக்கம் பதிவில் ஏறி, மீடிறன் வரைபில் கவைக்கு வரும் உச்சியைப் பக்கவாட்டில் அகலமாக்கிவிடும்.

தண்டை மேசைப் பலகையில் ஊன்றினால் சத்தம் பெருக்கும் என்று பலர் அப்படிப் பதிகிறார்கள். சத்தம் பெருக்கும், ஆனால் பலகை கவையின் சக்தியை வேகமாக இழுத்துக்கொள்வதால் தொனி சீக்கிரம் தேயும். இரட்டிப்பு மீடிறனும் கூடத் தெரியும். மீடிறன் அளக்க வேண்டுமென்றால் கையில் பிடித்துப் பதிவதே நல்லது.

வட்ஸ்அப்பில வந்த பதிவைப் பைதன் திறக்க மாட்டன் எண்டுது. என்ன செய்யிறது?

`wavfile.read` WAV கோப்பை மட்டுமே வாசிக்கும். போனின் m4a கோப்பையோ வட்ஸ்அப் குரற்பதிவையோ கொடுத்தால் `File format ... not understood` என்று நின்றுவிடும். கோப்பின் பெயரை .wav என்று மாற்றினாலும் இதே பிழைதான் வரும், ஏனென்றால் உள்ளே இருப்பது மாறவில்லை. ffmpeg கொண்டு மாற்றுங்கள்:

```
ffmpeg -i kavai.m4a -ac 1 kavai.wav
```

குரற்பதிவாக வந்ததைவிட, அதே பதிவைக் கோப்பாக இணைத்து அனுப்பச் சொல்வது நல்லது. குரற்பதிவு பேச்சுக்காகச் சுருக்கப்படுகிறது. அப்படிச் சுருங்கியதிலும் 512 ஹேர்ட்ஸ் இடம் மாறாது. ஆனால் மெல்லிய உச்சிகளின் உயரத்தை நம்ப முடியாது.

ஆகக் குறைஞ்சது என்ன கோட் எழுத வேணும்?

இவ்வளவு போதும்:

```python
import numpy as np
from scipy.io import wavfile
from scipy.signal import find_peaks

fs, x = wavfile.read("kavai.wav")
if x.ndim == 2:
    x = x[:, 0]
x = x.astype(float)

y = x[int(1.0*fs):int(5.0*fs)]
y = y - y.mean()
A = np.abs(np.fft.rfft(y * np.hanning(len(y))))
f = np.fft.rfftfreq(len(y), 1/fs)
dB = 20*np.log10(A/A.max() + 1e-12)

pk, _ = find_peaks(dB, height=-60,
                   distance=int(20*len(y)/fs))
for k in pk:
    print(round(f[k], 2), round(dB[k], 1))
```

நமது எடுத்துக்காட்டுப் பதிவில் இது அச்சிடுவது:

```
511.25 0.0
1022.5 -47.3
```

மூன்று இடங்களைக் கவனியுங்கள். முதலாவது, 1.0 இலிருந்து 5.0 செக்கன் வரை வெட்டியெடுத்திருக்கிறோம். இங்கே கவை தட்டப்பட்டது பதிவின் தொடக்கத்திலேயே. உங்கள் பதிவில் மூன்றாவது செக்கனில் தட்டியிருந்தால் வெட்டும் இடத்தையும் அதற்கேற்பத் தள்ளுங்கள். தட்டிய கணத்தை உள்ளே விட்டால் "டக்" என்ற சத்தம் எல்லா மீடிறன்களிலும் பரவி அடிமட்டத்தை உயர்த்திவிடும்.

இரண்டாவது, `np.hanning`. வெட்டிய துண்டின் இரு முனைகளும் சட்டென்று முடிவதால், சாளரம் போடாவிட்டால் 511 இன் சக்தி இருபுறமும் நீண்ட வாலாகக் கசிந்து சிறிய உச்சிகளை மூடிவிடும். ஹான் சாளரம் முனைகளை மெதுவாகப் பூச்சியத்துக்குக் கொண்டுவருகிறது. இதற்கான விலை உச்சி சற்று அகலமாவது. இந்த வேலைக்கு அந்த விலை பெரிதல்ல.

மூன்றாவது, `fs`. அதைக் கோப்பிலிருந்தே எடுங்கள், கையால் எழுதாதீர்கள். பல போன்கள் 48000 இல் பதிகின்றன. யாரோ எழுதிய கோட்டில் `fs = 44100` என்று இருப்பதை அப்படியே பிரதிபண்ணினால், 511.3 ஹேர்ட்ஸ் கவை 469.8 என்று காட்டும். விடை எதிர்பார்த்ததில் ஏறக்குறைய 0.92 பங்காக வந்தால் முதலில் இதைத்தான் பாருங்கள். மறுபக்கமாக 1.09 மடங்கு வந்தாலும் இதே பிழைதான், எண்கள் இடம் மாறியிருக்கின்றன.

எத்தினை தரம் செய்தாலும் 511.25, 511.5 எண்டு கால் கணக்கிலதான் வருது. ஏன்?

ஏனென்றால் நீங்கள் கொடுத்தது 4 செக்கன் துண்டு. பூரியர் உருமாற்றம் மீடிறன் அச்சைச் சம அகலமுள்ள பெட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு இருக்கிறது என்று சொல்கிறது. பெட்டியின் அகலம் துண்டின் நீளத்தின் தலைகீழ். 4 செக்கனுக்கு 1/4, அதாவது 0.25 ஹேர்ட்ஸ். மாதிரி வீதத்தைக் கூட்டினாலும் இது மாறாது, நேரம்தான் தீர்மானிக்கிறது. ஒரு செக்கன் துண்டு கொடுத்தால் முழு எண்ணாகவே வரும்.

உண்மையான மீடிறன் இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் எங்கோ இருக்கலாம். அது எங்கே என்பதற்கான தடயம் பக்கத்துப் பெட்டிகளில் இருக்கிறது. நமது பதிவில் உயர்ந்த பெட்டியின் வீச்சத்தை 100 என்று எடுத்தால் அயல் நிலை இப்படி:

```
511.00   36.4
511.25  100.0
511.50   66.7
```

இடதுபக்கத்தைவிட வலதுபக்கம் உயர்ந்திருக்கிறது. ஆகவே உண்மையான உச்சி 511.25 இலிருந்து சற்று வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது. எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அறிய மூன்று வீச்சங்களின் மடக்கைகளையும் எடுத்து, அவற்றின் ஊடாக ஒரு பரவளைவை வரைந்து, அதன் உச்சியைப் பார்க்கிறோம்:

```python
k = np.argmax(A)
a, b, c = np.log(A[k-1:k+2])
p = 0.5*(a - c)/(a - 2*b + c)
print((k + p)*fs/len(y))
```

கையாலும் செய்து பார்க்கலாம். உச்சியை 1 என்று எடுத்தால் b = 0. 0.364 இன் இயற்கை மடக்கை −1.011, 0.667 இனது −0.405. மேலே வருவது 0.5 × (−0.606), கீழே வருவது −1.416. வகுத்தால் p = 0.214 பெட்டி. அதை 0.25 ஆல் பெருக்க 0.053 ஹேர்ட்ஸ். விடை 511.30 ஹேர்ட்ஸ். இந்த நான்கு வரிகளால் கால் ஹேர்ட்ஸ் அகலப் பெட்டிக்குள் நூறில் ஒரு ஹேர்ட்ஸ் அளவுக்கு நெருங்கிவிடுகிறோம். பிள்ளைகள் கொப்பியில் ஒருமுறையாவது கையால் கணித்துப் பார்க்க வேண்டிய இடம் இது என்பது எங்கள் எண்ணம்.

மடக்கை எடுக்காமல் வெறும் வீச்சத்தில் பரவளைவு வரைந்தாலும் விடை வரும், ஆனால் சற்றுப் பிழையோடு வரும். ஹான் சாளரத்தின் உச்சி மடக்கையில்தான் பரவளைவுக்கு மிக நெருங்கிய வடிவில் இருக்கும். இன்னொன்று: `argmax` முழு அச்சிலும் ஆகப் பெரியதையே எடுக்கும். மின் இரைச்சல் கவையைவிடப் பெரிதாக இருந்தால் அதைப் பிடித்துவிடும். அந்த வரிக்கு முன்னால் `A[f < 300] = 0` என்று போட்டுக்கொள்ளுங்கள்.

பின்னால பூச்சியங்கள் சேர்த்தால், இல்லாட்டி 30 செக்கன் பதிஞ்சால் இன்னும் துல்லியமாகுமோ?

பூச்சியம் சேர்ப்பது வரைபின் புள்ளிகளை நெருக்கமாக்கும். வளைவு வழவழப்பாகத் தெரியும், உச்சியின் இடத்தையும் நன்றாகக் காட்டும். மேலே செய்த பரவளைவு வேலையை அது வேறு வழியில் செய்கிறது, அவ்வளவுதான். நெருங்கியிருக்கும் இரண்டு மீடிறன்களைப் பிரித்துக் காட்டும் ஆற்றல் அதனால் கூடாது.

நீளமாகப் பதிவது ஓரளவுக்கு உதவும். ஆனால் கையில் பிடித்த கவை தேய்ந்துகொண்டே போகிறது. கேட்க முடியாத அளவுக்குத் தேய்ந்த பிறகு வரும் செக்கன்களில் அறையின் இரைச்சல் மட்டும்தான் இருக்கும். அவற்றைச் சேர்த்தால் உச்சி கூர்மையாகாது, அடிமட்டம்தான் உயரும். 4 தொடக்கம் 6 செக்கன் துண்டு இந்த வேலைக்குப் போதும்.

3192 இல ஒரு பெரிய உச்சி வந்தது, திரும்பச் செய்தால் காணேல்லை. கோட்டில பிழையோ?

பிழை இல்லை. அது கவையின் சொந்தக் குரல்தான், முதல் மேற்றொனி. தட்டியதும் கேட்கும் "கிணிங்" என்ற உலோகச் சத்தம் இதுவே. முதல்தடவை வெட்டிய துண்டு தட்டிய கணத்தைத் தொட்டிருக்கும், இரண்டாம்தடவை தொட்டிருக்காது.

சுரமானிக் கம்பியில் மேற்றொனிகள் அடிப்படையின் 2, 3, 4 மடங்குகளில் வரும் என்று படித்திருக்கிறோம். கவை கம்பியல்ல. ஒவ்வொரு புயமும் ஒரு முனை பொருத்தப்பட்டு மறுமுனை விடப்பட்ட கோலைப் போல வளைந்து அதிர்கிறது. அப்படியான சீரான கோலின் அடுத்த அதிர்வு வகை அடிப்படையின் 6.27 மடங்கில் இருக்கும், அதற்கடுத்தது 17.5 மடங்கில். இவை முழு எண்கள் அல்ல. உண்மையான கவையின் புயம் முற்றிலும் சீரான கோல் அல்ல என்பதால் முதல் மேற்றொனி 6 மடங்குக்கு இரு பக்கத்திலும் கொஞ்சம் விலகி வரும். நமது பதிவில் 3192 ஐ 511.3 ஆல் வகுத்தால் 6.24. கோட்பாட்டுக்கு இது கிட்டவே வருகிறது.

தட்டிய கணத்திலிருந்து கால் செக்கன் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் அந்த உச்சி அடிப்படையைவிட எவ்வளவு கீழே இருக்கிறது என்று பார்த்தால்:

```
0.00-0.25 s   3192 Hz   -14 dB
0.25-0.50 s   3192 Hz   -31 dB
0.50-0.75 s   3192 Hz   -48 dB
```

ஒவ்வொரு கால் செக்கனுக்கும் 17 டெசிபெல் விழுகிறது. ஒரு செக்கன் போனால் அது −60 இற்குக் கீழே மறைந்துவிடும். கோட்டில் 1.0 செக்கனிலிருந்து வெட்டத் தொடங்கியதற்கு இதுவும் காரணம். உங்கள் கவையில் தேயும் வேகம் வேறாக இருக்கலாம், ஆகவே ஒருதடவை இப்படி வெட்டிப் பார்த்துவிட்டுத் தொடக்க நேரத்தைத் தீர்மானியுங்கள்.

இங்கே ஒரு கண்ணி உண்டு. கால் செக்கன் துண்டில் பெட்டியின் அகலம் 4 ஹேர்ட்ஸ். அதில் அடிப்படை மீடிறன் 512.0 என்று அச்சாகும். பொறித்த எண்ணே வந்துவிட்டது என்று மகிழ்ந்து அறிக்கையில் எழுதிவிடுகிறார்கள். 508, 512, 516 என்ற பெட்டிகளில் 511.3 இற்குக் கிட்டியது 512 என்பதால் வந்த எண் அது. 510.5 ஹேர்ட்ஸ் கவையும் அதே 512.0 ஐத்தான் காட்டும்.

மேற்றொனியைத் தவிர்ப்பது தட்டும் விதத்திலும் இருக்கிறது. அந்த அதிர்வு வகைக்குப் புயத்தின் நுனியிலிருந்து ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நீளத்தில் ஒரு கணு உண்டு. புயம் 10 சென்ரிமீற்றர் என்றால் நுனியிலிருந்து 2.2 சென்ரிமீற்றர். அந்த இடத்தில் தட்டினால் மேற்றொனி கிளம்ப வழி குறைவு. நுனியில் தட்டினால் நன்றாகக் கிளம்பும். மென்மையான இறப்பரும் உதவுகிறது: 3192 ஹேர்ட்ஸ் அதிர்வின் ஒரு சுற்று ஒரு மில்லிசெக்கனில் மூன்றில் ஒன்றுகூட இல்லை. இறப்பர் அதைவிட நீண்ட நேரம் புயத்தைத் தொட்டுக்கொண்டிருப்பதால் அந்த வேகத்துக்கு உதைக்க முடிவதில்லை. மர விளிம்போ இரும்போ சட்டென்று தொட்டு விலகுவதால் உதைத்துவிடுகிறது. ஓங்கி அடிப்பதில் இன்னொரு கேடு, புயம் நெளிந்துவிடும். நெளிந்த கவையை எந்தக் கோட்டாலும் திருத்த முடியாது.

1022 இலயும் 1534 இலயும் உச்சி நிக்குது. அதுகும் கவையிட குரலோ?

1022.6 அடிப்படையின் சரி இரட்டிப்பு, 1533.9 சரி மும்மடங்கு. கவையின் மேற்றொனிகள் முழு மடங்கில் வருவதில்லை என்று மேலே பார்த்தோம். ஆகவே முழு மடங்கில் நிற்பவை வேறு வழியில் உண்டானவை.

இரட்டிப்பு மிக மெல்லிதாக, நமது பதிவில் போல −47 டெசிபெல் அளவில் இருந்தால் அதைப் பற்றி யோசிக்க வேண்டாம். புயத்தின் நுனி நேர்கோட்டில் போகாமல் ஒரு வில்லில் அசைகிறது. உள்ளே வளைந்தாலும் வெளியே வளைந்தாலும் நுனி சற்றுக் கீழிறங்குகிறது. ஆக ஒரு அதிர்வுக்கு இரண்டு தடவை இறங்கி ஏறுகிறது. அந்த ஏற்ற இறக்கம் தண்டு வழியாக இரட்டிப்பு மீடிறனாக வருகிறது. பலமாகத் தட்டினால் கூடும், தேயத் தேய அடிப்படையைவிட வேகமாகக் குறையும்.

மும்மடங்கு உயர்ந்து நின்றால் பதிவைச் சந்தேகியுங்கள். மைக்குக்கு மிகக் கிட்டப் பிடித்ததால் அலையின் தலையும் அடியும் வெட்டுப்பட்டிருக்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வெட்டுப்பட்ட அலையில் 3, 5, 7 என்ற ஒற்றை மடங்குகள் முளைக்கும். 16 பிட் கோப்பில் `np.abs(x).max()` 32767 அல்லது 32768 என்று காட்டினால் வெட்டுப்பட்டது உறுதி. அலையை 200 மாதிரிகள் அளவுக்குப் பெரிதாக்கி வரைந்தால் வட்டமான தலைக்குப் பதில் தட்டையான தலை தெரியும். நல்ல செய்தி என்னவென்றால் வெட்டுப்பட்டாலும் அடிப்படையின் இடம் மாறாது. ஆனால் மேற்றொனிகளைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. 10 சென்ரிமீற்றருக்குத் தள்ளிப் பிடித்து மறுபடி பதியுங்கள்.

50, 100 இல நிக்கிறது என்ன? இன்னும் மேல 4000க்கு மேலயும் ஏதோ இருக்கு.

இலங்கையின் மின்விநியோகம் 50 ஹேர்ட்ஸ். சார்ஜரில் செருகிய மடிக்கணினியில் வெளி மைக் போட்டுப் பதிந்தால் 50, 100, 150 என்று அதன் மடங்குகள் வரிசையாக வரும். சார்ஜரைக் கழற்றி மின்கலத்தில் பதியுங்கள், பெரும்பாலும் போய்விடும். இந்த வரிசையில் 500 உம் 550 உம் உண்டு. 512 இலிருந்து அவை போதிய தூரத்தில் இருப்பதால் அளவீட்டைக் கெடுக்கா.

மின்விசிறி வேறு விதம். அது கூர்மையான உச்சியைவிட, 200 ஹேர்ட்ஸுக்குக் கீழே அகலமான மேடு ஒன்றைத் தரும். 4000 இற்கு மேலே அகலமாக நிற்பது பெரும்பாலும் வெளியே கத்தும் பூச்சிகள். காட்டோரப் பள்ளிக்கூடங்களில் பொழுதுபடும் நேரம் சில்வண்டுச் சத்தம் இந்தப் பகுதியை நிரப்பிவிடும். எது கவையினது, எது அறையினது என்று பிரிக்க ஒரே நேரான வழி, கவையைத் தட்டாமல் அதே இடத்தில் 5 செக்கன் பதிந்து அதே கோட்டில் ஓட்டுவது. ஆனால் கோட்டின் டெசிபெல் அந்தந்தப் பதிவின் ஆகப் பெரிய உச்சியோடு ஒப்பிட்டது. ஆகவே உயரத்தைப் பார்க்காமல், எந்த மீடிறன்கள் இரண்டு பதிவிலும் வருகின்றன என்று பாருங்கள். இரண்டிலும் வருவது அறையினது. மாரி மழை தகரக் கூரையில் விழும் நேரம் மட்டும் பதிய வேண்டாம், அது எல்லா இடத்தையும் மூடிவிடும்.

கவையில 512 எண்டு பொறிச்சிருக்கு, எங்களுக்கு 511.3 வருது. கவை பழுதோ, கணிப்புப் பிழையோ?

இரண்டுமில்லை என்பதே முதலில் எண்ண வேண்டியது. உருக்கு சூடாகும்போது அதன் விறைப்புச் சற்றுக் குறைகிறது, கவை மெதுவாக அதிர்கிறது. உருக்குக் கவைக்கு இந்தக் குறைவு பாகைக்கு ஏறத்தாழ பத்தாயிரத்தில் 1.1 பங்கு. 512 ஹேர்ட்ஸ் கவைக்கு அது பாகைக்கு 0.056 ஹேர்ட்ஸ். பொறித்த எண் 20 பாகைக்கு உரியது என்று கொண்டால், 32 பாகையில் 12 பாகை கூடுதல், 0.68 ஹேர்ட்ஸ் குறைவு. எதிர்பார்க்க வேண்டியது 511.32, அளந்தது 511.30. வன்னி வெயிலில் 512 பொறித்த கவை சரி 512 காட்டினால்தான் யோசிக்க வேண்டும்.

காற்று சூடானால் ஒலியின் வேகம் கூடும், ஆகவே மீடிறனும் கூட வேண்டும் என்று சில பிள்ளைகள் வாதிடுவார்கள். மீடிறனைத் தீர்மானிப்பது கவை. காற்றில் வேகம் கூடினால் அலைநீளம்தான் கூடும், மைக்குக்கு ஒரு செக்கனில் வந்துசேரும் அலைகளின் எண்ணிக்கை மாறாது.

போனின் கடிகாரமும் சரியாக 44100 ஐ எண்ணுவதில்லை, ஆனால் அதன் வழு பொதுவாக மில்லியனில் சில பத்துப் பங்குதான். மில்லியனில் 50 பங்கு என்றாலும் 512 இல் 0.03 ஹேர்ட்ஸ்கூட இல்லை. வித்தியாசம் 2, 3 ஹேர்ட்ஸ் என்று வந்தால் கவையைக் கையில் எடுத்துப் பாருங்கள்: புயத்தில் துரு, ஒட்டிய மெழுகு, யாரோ அராவிய தடம். நுனியில் பாரம் ஏறினால் மீடிறன் குறையும். நுனியை அராவினால் கூடும், தண்டுப்பக்கத்து வளைவில் அராவினால் குறையும்.

பரிவுக் குழாய்ப் பரிசோதனைக்கு இந்த 0.7 ஹேர்ட்ஸ் முக்கியமோ என்றால், இல்லை. 32 பாகையில் ஒலியின் வேகம் செக்கனுக்கு 350.7 மீற்றர் என்று எடுத்தால், கால் அலைநீளம் 512 இற்கு 17.12 சென்ரிமீற்றர், 511.3 இற்கு 17.15. மில்லிமீற்றர் அளவுகோலில் அந்த வித்தியாசம் தெரியாது. அங்கே முனைத் திருத்தத்தில் கவனம் வையுங்கள்.

ரெண்டு கவையை ஒண்டா அடிச்சால் ரெண்டையும் பிரிச்சுக் காட்டுமோ?

காட்டும், துண்டு போதிய நீளமாக இருந்தால். 511.3 காட்டும் இரண்டு 512 கவைகளில் ஒன்றின் நுனியில் சிறு மெழுகு உருண்டை ஒட்டி 508.3 ஆக இறக்கியிருக்கிறீர்கள் என்று வைப்போம். காதுக்குச் செக்கனுக்கு மூன்று அடிப்புகள் கேட்கும். ஹான் சாளரம் போட்ட உச்சி மொத்தம் நான்கு பெட்டி அகலம். இரண்டு உச்சிகளுக்கும் நடுவே தெளிவான பள்ளம் தெரிய அவை நான்கு பெட்டி விலகியிருப்பது நல்லது. 3 ஹேர்ட்ஸ் வித்தியாசத்துக்கு 4/3, அதாவது 1.33 செக்கனுக்குக் குறையாத துண்டு வேண்டும். அரைச் செக்கன் கொடுத்தால் ஒரே மேடாகத்தான் வரும். அந்த மேட்டில் பரவளைவு வரைந்து கிடைக்கும் எண் இரண்டு கவைக்கும் உரியதல்ல.

4 செக்கன் கொடுத்தும் ஒன்றுதான் அச்சாகிறது என்றால், பிழை `find_peaks` வரியில். அங்கே `distance` ஐ 20 ஹேர்ட்ஸ் என்று வைத்திருக்கிறோம். அதைவிடக் கிட்டவுள்ள சிறிய உச்சியை அது நீக்கிவிடும். 20 ஐ 2 ஆக்குங்கள்:

```python
pk, _ = find_peaks(dB, height=-20,
                   distance=int(2*len(y)/fs))
```

`height` ஐயும் −20 இற்கு உயர்த்தியதைப் பாருங்கள். `distance` ஐக் குறைத்துவிட்டு −60 இலேயே விட்டால் உச்சிகளின் ஓரத்து அலைகளும் இரைச்சல் மேடுகளும் கவைகள் போல வரிசையில் வந்து நிற்கும். இரண்டு கவைகளையும் ஏறக்குறைய ஒரே பலத்தோடு தட்டி, மைக்கிலிருந்து ஒரே தூரத்தில் பிடித்தால் இரண்டும் −20 இற்கு மேலேயே நிற்கும். அச்சான இரண்டு எண்களின் வித்தியாசத்தை, போனில் அதே பதிவைப் போட்டுக் கேட்டு எண்ணிய அடிப்புகளோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். 5 செக்கனில் 15 அடிப்பு எண்ணினால் வித்தியாசம் 3 ஹேர்ட்ஸ்.